எழுபத்திரண்டு என்னும் எல்லை: மேளகர்த்தா முறை பற்றிய ஒரு மதிப்பீடு

கர்நாடக இசையை முறையாகப் பயிலும் மாணவர் எவரும் மனனஞ் செய்யும் அட்டவணைகளுள் மேளகர்த்தா அட்டவணை முதன்மையானது. கனகாங்கியில் தொடங்கி இரசிகப்பிரியாவில் முடியும் அவ்வட்டவணையில் 72 இராகங்கள் தாய் இராகங்கள் என்னும் பெயரோடு நிரல்படுத்தப்பட்டுள்ளன. ஏனைய இராகங்கள் யாவும் அவற்றினின்றும் பிறந்தவை என்றும், ஆதலின் அவை ஜன்னிய இராகங்கள் என்றும் கூறப்படுவது மரபு. ஜனகம், ஜன்னியம் என்னும் இச்சொற்கள் பிறப்பைக் குறிப்பவை. பிறப்பைக் கூறும் சொல் காலத்தையும் உடன் கூறிவிடுகின்றது. தாய் முன்னவள், மகள் பின்னவள் என்னும் எண்ணம் கற்போர் உள்ளத்தில் தானே பதிந்துவிடுகின்றது. உண்மையில் இந்த 72 எதனைக் கணக்கிடுகின்றது, அக்கணக்கு இசை வழக்கோடு எவ்வளவு தூரம் பொருந்துகின்றது, எவ்விடத்தில் பொருந்தாது நின்றுவிடுகின்றது என்னும் வினாக்களை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

1. தெரிவின் விதி

மேளகர்த்தா முறையின் அடிப்படை ஒரு சில நிபந்தனைகளே. மேளம் ஒன்றில் ஏழு சுரங்களும் இருத்தல் வேண்டும். ஏழும் ஒவ்வொரு முறையே வருதல் வேண்டும். ஆரோகணத்தில் வரும் சுரங்களே அவரோகணத்திலும் வருதல் வேண்டும். ஷட்ஜமும் பஞ்சமமும் மாறாது நிற்றல் வேண்டும். இந்நிபந்தனைகளுக்கு உட்பட்டு எத்தனை வகையான சுர வரிசைகள் அமைதல் கூடும் என்பதே இம்முறை எழுப்பும் வினா. அதற்குரிய விடையே 72.

விடை எவ்வாறு கிடைக்கின்றது என்பதை ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஷட்ஜத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையே நான்கு கட்டைகள் உள்ளன. இந்நான்கு இடங்களிலிருந்து இரண்டினைத் தெரிந்தெடுத்து, தாழ்ந்ததை ரிஷபம் என்றும் உயர்ந்ததைக் காந்தாரம் என்றும் பெயரிட வேண்டும். நான்கிலிருந்து இரண்டைத் தெரிந்தெடுக்கும் வழிகள் ஆறு. பஞ்சமத்துக்கும் மேல் ஷட்ஜத்துக்கும் இடையேயும் அவ்வாறே நான்கு இடங்கள் உள்ளன. அங்கும் தைவதத்தையும் நிஷாதத்தையும் தெரிவதற்கு ஆறு வழிகளே உண்டு. பூர்வாங்கத்தின் ஒவ்வொரு தெரிவும் உத்தராங்கத்தின் ஒவ்வொரு தெரிவோடும் சேரும்போது 36 வரிசைகள் உண்டாகின்றன. மத்திமம் சுத்தம், பிரதி என இரு வகைப்படுவதால் அந்த 36 இரட்டித்து 72 ஆகின்றது.

இதே தெரிவினைச் சுரப் பெயர்களின் வழியாகவும் நோக்கலாம். ரிஷபத்தின் மூன்று வகைகளை ர, ரி, ரு என்றும், காந்தாரத்தின் மூன்று வகைகளை க, கி, கு என்றும் குறிப்பது இம்முறையினர் வழக்கு. ர என்பது சுத்த ரிஷபம், ரி என்பது சதுச்சுருதி ரிஷபம், ரு என்பது ஷட்சுருதி ரிஷபம். அவ்வாறே க, கி, கு என்பன முறையே சுத்த, சாதாரண, அந்தர காந்தாரங்கள். மூன்றை மூன்றோடு சேர்த்தால் ஒன்பது இணைகள் வருதல் வேண்டும். ஆயின் அவற்றுள் மூன்று இணைகள் நடைமுறையில் இயலாதவை. சதுச்சுருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே கட்டையில் அமைபவை. ஆதலின் ரி-க என்னும் இணை இல்லை. ஷட்சுருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் அவ்வாறே ஓரிடத்தன. ஆதலின் ரு-கி இல்லை. ரு-க என்னும் இணையிலோ காந்தாரம் ரிஷபத்துக்குக் கீழே சென்றுவிடுகின்றது. இம்மூன்றும் நீங்க எஞ்சுவன ர-க, ர-கி, ர-கு, ரி-கி, ரி-கு, ரு-கு என்னும் ஆறு. உத்தராங்கத்தில் த-ந, த-நி, த-நு, தி-நி, தி-நு, து-நு என்பன இவற்றுக்கு இணையான ஆறு. ரிஷப காந்தார இணை மாறும்போது சக்கரம் மாறுகின்றது. ஒரு சக்கரத்துள் தைவத நிஷாத இணை மாறும்போது மேளம் மாறுகின்றது. சுத்த மத்திமத்துக்கு ஆறு, பிரதி மத்திமத்துக்கு ஆறு எனச் சக்கரங்கள் 12 ஆயின.

இவ்வொழுங்கின் பயன் ஓர் எடுத்துக்காட்டால் தெளிவாகும். 65ஆம் மேளத்தின் சுரங்கள் எவை என்று ஒருவர் அறிய விரும்புகின்றார் எனக் கொள்வோம். 65 என்பது 36இலும் பெரிது. ஆதலின் மத்திமம் பிரதி மத்திமம். 36ஐக் கழித்தால் எஞ்சுவது 29. ஆறு ஆறாகப் பிரித்தால் 29 ஐந்தாம் தொகுதியுள் ஐந்தாவதாக அமைகின்றது. ஐந்தாம் தொகுதிக்குரிய இணை ரி-கு. எனவே சதுச்சுருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும். தொகுதியுள் ஐந்தாம் இடத்துக்குரிய இணை தி-நு. எனவே சதுச்சுருதி தைவதமும் காகலி நிஷாதமும். இவ்வாறு கிடைக்கும் வரிசை கல்யாணி. இவ்வரிசையில் பிரதி மத்திமத்துக்குப் பதிலாகச் சுத்த மத்திமத்தை வைத்தால் 29ஆம் மேளமாகிய சங்கராபரணம் வந்துவிடும். எண்ணைக் கொண்டு சுரத்தையும், சுரத்தைக் கொண்டு எண்ணையும் பிழையின்றிக் காணும் இத்தகைய முகவரி முறை வேங்கடமகிக்கு முற்பட்ட இசை நூல்களில் இல்லை. 1550இல் சுவரமேளகலாநிதி இயற்றிய இராமாமாத்தியர் 20 மேளங்களைக் கூறினார். 1609இல் இராகவிபோதம் இயற்றிய சோமநாதர் 23 மேளங்களைக் கூறினார். அவர்கள் வழக்கிலிருந்த இராகங்களைத் தொகுத்து வகைப்படுத்தினர். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை விசயராகவ நாயக்கர் காலத்தில் சதுர்தண்டிப் பிரகாசிகையை இயற்றிய வேங்கடமகியோ, வழக்கிலுள்ளனவற்றை மட்டும் அன்றி வழக்கில் வரக்கூடியனவற்றையும் ஒருங்கே எண்ணினார். தம் எண்ணிக்கையைச் சிவபெருமானாலும் கூட்டவோ குறைக்கவோ இயலாது என்னும் பொருள்பட அவர் கூறியிருப்பது, அவருடைய நம்பிக்கை இசையனுபவத்தின் மீதன்றிக் கணிதத்தின் மீது நின்றதைக் காட்டுகின்றது.

2. முப்பத்திரண்டும் நாற்பதும்

இக்கணக்கில் உற்றுநோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. சுரத்தானங்கள் 12, ஆனால் அவற்றுக்கு இடப்பட்ட பெயர்கள் 16. ஷட்ஜம் ஒன்று, பஞ்சமம் ஒன்று, மத்திமம் இரண்டு, ரிஷபம், காந்தாரம், தைவதம், நிஷாதம் என்பன மும்மூன்று என எண்ணினால் 16 வருகின்றது. நான்கு கட்டைகள் இவ்விரண்டு பெயர்களைத் தாங்குவதே இதற்குக் காரணம். ஷட்ஜத்துக்கு மேல் இரண்டாம் கட்டை, தனக்கு மேல் காந்தாரம் இருப்பின் சதுச்சுருதி ரிஷபம். தனக்குக் கீழ் ரிஷபம் இருப்பின் சுத்த காந்தாரம். ஒலி ஒன்றே, அது வரிசையில் பெறும் நிலையே பெயரை வழங்குகின்றது.

இவ்விரட்டைப் பெயர் வழக்கு இல்லையாயின் நிலைமை யாதாகும்? ரிஷபம், காந்தாரம், மத்திமம், தைவதம், நிஷாதம் என்னும் ஐந்து சுரங்களுக்கும் தாழ்ந்தது, உயர்ந்தது என இரண்டிரண்டு வகைகளே இருக்கும். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் வருவது 32. வட இந்திய இசையின் சுர வழக்கு இத்தகையதே. அங்கு ஒரு கட்டைக்கு ஒரு பெயரே உண்டு. அவ்வழக்கின்படி இயலக்கூடிய 32 வரிசைகளிலிருந்து 10ஐ மட்டும் தெரிந்து, அவற்றைத் தாட்டு எனப் பெயரிட்டு, அவற்றின்கீழ் இராகங்களை வகுத்தார் பாத்கண்டே (1860-1936). வேங்கடமகியின் நூலை நன்கறிந்திருந்த அவர் 72ஐ அப்படியே ஏற்காது 10இல் அமைந்தமை சிந்திக்கத்தக்கது.

மேளகர்த்தா அட்டவணையில் அந்த 32 எங்கே உள்ளன என்று தேடினால் அவை எளிதில் அகப்படும். பூர்வாங்கத்தில் ர-கி, ர-கு, ரி-கி, ரி-கு என்னும் நான்கு இணைகளும், உத்தராங்கத்தில் அவற்றுக்கு நேரான நான்கு இணைகளும், மத்திமம் இரண்டும் சேர்ந்து தருவன 32. எஞ்சிய 40 மேளங்களும் ர-க, ரு-கு, த-ந, து-நு என்னும் நான்கு இணைகளுள் ஒன்றையேனும் கொண்டவை. இவையே விவாதி மேளங்கள் எனப்படுவன. ஆகவே 72 என்பது உண்மையில் 32உம் 40உம் சேர்ந்த கூட்டு. முற்கூறிய 32 ஒரு கட்டைக்கு ஒரு பெயர் என்னும் வழக்கிலும் கிடைப்பவை. பிற்கூறிய 40 முழுவதும் இரட்டைப் பெயர் வழக்கின் விளைவாக வந்தவை.

விவாதி என்னும் பெயர் வெறும் இலக்கணப் பெயரன்று. ர-க என்னும் இணையில் ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம் என்னும் மூன்றும் அடுத்தடுத்த மூன்று கட்டைகளில் நெருங்கி நிற்கின்றன. அதன்பின் மத்திமம் வரை பெரியதோர் இடைவெளி. ரு-கு என்னும் இணையில் ஷட்ஜத்தின்பின் பெரிய இடைவெளி. அதன்பின் ரிஷபமும் காந்தாரமும் மத்திமமும் நெருங்கி நிற்கின்றன. நெருக்கமும் இடைவெளியும் இவ்வாறு ஒருபால் குவிவதால் இவ்வரிசைகளை நேரே ஏறி நேரே இறங்கிப் பாடுவது குரலுக்கும் அரிது; செவிக்கும் எளிதில் இனிமை பயப்பதில்லை. கச்சேரிகளில் விரிவாக ஆலாபனை செய்யப்பெறும் தோடி, நடபைரவி, கரகரப்பிரியா, அரிகாம்போதி, சங்கராபரணம், பந்துவராளி, கல்யாணி ஆகிய மேளங்களும், ஆரம்பப் பாடங்களுக்குரிய மாயாமாளவகௌளையும் அந்த 32இலிருந்தே வந்தவை என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் தகும்.

3. வழக்கு முந்தியதா, கணக்கு முந்தியதா?

இவ்வளவும் கூறியதும் 40 விவாதி மேளங்களும் கணக்கினால் மட்டும் பிறந்தவை, இசைக்குப் புறம்பானவை என முடிவு செய்துவிடத் தோன்றும். அம்முடிவு முற்றும் சரியன்று. நாட்டை, வராளி என்னும் இரு இராகங்களும் மேளகர்த்தா அட்டவணைக்கு முன்பே வழக்கில் நிலைபெற்றவை. நாட்டையில் ஷட்சுருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் வருகின்றன. அதாவது அது ரு-கு இணையைக் கொண்டது. வராளியில் சுத்த ரிஷபமும் சுத்த காந்தாரமும் வருகின்றன. அது ர-க இணையைக் கொண்டது. இவ்விராகங்களுக்கு இலக்கணம் கூறப் புகுந்தவர்க்கு இரட்டைப் பெயர்கள் தேவைப்பட்டன. எனவே விவாதி இணைகள் முதலில் வழக்கிலிருந்தே இலக்கணத்துக்குள் வந்தன. வழக்கில் ஆங்காங்கு காணப்பட்ட அவ்விணைகளை ஏனைய எல்லா இணைகளோடும் சேர்த்துப் பெருக்கியபோதே அவை 40 மேளங்களாக விரிந்தன. ஒருசில இராகங்களுக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட சலுகை பொதுவிதியாக்கப்பட்டது என்று இதனைக் கூறலாம்.

வழக்கு இவ்விணைகளை எவ்வாறு கையாண்டது என்பது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. நாட்டை ஏறும்போது ஏழு சுரங்களையும் தொடுகின்றது. இறங்கும்போது தைவதத்தையும் காந்தாரத்தையும் விட்டுவிடுகின்றது. நெருங்கி நிற்கும் இணைகள் இரண்டும் இறக்கத்தில் இவ்வாறு பிரிக்கப்படுகின்றன. வராளியோ இறக்கத்தில் நேரே வருகின்றது. ஏற்றத்தில் காந்தாரத்தைத் தொட்டு ரிஷபத்துக்குத் திரும்பி மீண்டும் காந்தாரத்துக்கு வக்கிரமாகச் செல்கின்றது. நெருக்கத்தை விலக்கியும் வளைத்தும் இனிமையாக்குவதே இராகத்தின் வழி. மேளகர்த்தா அட்டவணையில் நாட்டைக்கு நேரான 36ஆம் மேளம் சலநாட்டை. வராளிக்கு நேரான 39ஆம் மேளம் ஜாலவராளி. இவ்விரண்டும் அட்டவணையின் நிபந்தனைப்படி நேரே ஏறி நேரே இறங்க வேண்டியவை. வழக்கு கண்டறிந்த தீர்வை அட்டவணை நீக்கிவிட்டு, வழக்கு தவிர்த்த நெருக்கடியையே இலக்கணமாக வைக்கின்றது என்பது இதனாற் புலனாகும்.

இச்சிக்கலை இசை மரபு உணராமலில்லை. வேங்கடமகியே 72ஐ எண்ணிக் காட்டியபின், தம் காலத்தில் வழக்கிலுள்ளவை எனக் கொண்டு விரித்துரைத்த மேளங்கள் 19 மட்டுமே. அவருக்குப் பின் 72க்கும் பெயரும் இராக வடிவும் தரும் முயற்சியில் இரு மரபுகள் தோன்றின. கனகாம்பரியில் தொடங்கும் மரபு, மேளத்துக்குத் தலைமை தாங்கும் இராகம் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஏழு சுரங்களையும் நேரே கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. இரண்டிலுமாகச் சேர்ந்து ஏழு சுரங்களும் வந்தாற் போதும் என்றது. அதனால் விவாதி இணைகள் இராகத்துள் பிரிந்து நிற்க இடமுண்டாயிற்று. முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) பின்பற்றியது இம்மரபையே. கனகாங்கியில் தொடங்கும் மற்றைய மரபு, கோவிந்தரின் சங்கிரக சூடாமணியில் காணப்படுவது. அது ஏற்றம் இறக்கம் இரண்டும் முறையான ஏழு சுர வரிசைகளாகவே இருத்தல் வேண்டும் என்றது. இன்று கற்பிக்கப்படுவது இப்பின்னைய மரபே. முன்னையது இராகத்தின் இயல்புக்கு இடங்கொடுத்தது. பின்னையது அட்டவணையின் ஒழுங்குக்கு முதன்மை கொடுத்தது. கற்பித்தலுக்கு எளிதானது வென்றது எனலாம்.

எனினும் கணக்கினால் வந்த மேளங்கள் வெறும் ஏட்டளவில் நின்றுவிடவுமில்லை. மகா வைத்தியநாத ஐயர் (1844-1893) 72 மேளங்களையும் ஒரே இராகமாலிகையாக அமைத்துப் பாடினார். கோடீசுவர ஐயர் 72 மேளங்களிலும் தமிழிலேயே கீர்த்தனைகள் இயற்றிக் கந்த கானாமுதம் என்னும் தொகுதியாக அளித்தார். இவற்றின் வழியே, முன்பு எவரும் பாடியறியாத வரிசைகள் பாடத்தக்கவை ஆயின. அட்டவணை இசையைப் பின்தொடர்வதோடு அமையாது சிலவிடங்களில் இசையை முன்நின்று அழைத்தும் சென்றது என்பது மறுக்கவியலாத உண்மை. ஆயினும் அவ்வாறு பிறந்த மேளங்களுட் பல, ஓரிரு கீர்த்தனைகளுக்கு அப்பால் ஆலாபனைக்கும் நிரவலுக்கும் இடந்தரும் இராகங்களாக வளரவில்லை. சுர வரிசை ஒன்றைக் கணக்குத் தரக்கூடும். சஞ்சாரத்தையும் கமகத்தையும் பலதலைமுறை வழக்கே தருதல் கூடும்.

4. பெயரும் எண்ணும்

மேளப் பெயர்களின் முதலிரண்டு எழுத்துக்களிலிருந்து எண்ணை அறியும் கடபயாதி முறை, இவ்வொழுங்கின்மேல் பின்னர் ஏற்றப்பட்டது. வடமொழி மெய்யெழுத்துக்களுக்கு எண்கள் வழங்கி, பெயரின் முதலிரண்டு எழுத்துக்களின் எண்களைத் திருப்பி வாசித்தால் மேளத்தின் எண் கிடைக்கும். கல்யாணிக்கு முன் 'மேச' என்பது சேர்ந்தது இதற்காகவே. ம என்பதற்கு 5, ச என்பதற்கு 6. 56ஐத் திருப்பினால் 65. சங்கராபரணத்துக்கு முன் 'தீர' என்பது சேர்ந்ததும் இவ்வாறே. தோடி, கல்யாணி, சங்கராபரணம் முதலிய பழம்பெயர்களுக்கு ஒட்டுச் சேர்க்க நேர்ந்தமையே, இராகம் முந்தியது, எண் பிந்தியது என்பதற்கு ஒரு சான்றாகும்.

தமிழ் எழுத்தில் கற்கும் மாணவர்க்கு இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழில் க என்னும் ஓரெழுத்து வடமொழியின் நான்கு ககரங்களுக்கும் நிற்கின்றது. அந்நான்குக்கும் எண்கள் முறையே 1, 2, 3, 4. கரகரப்பிரியா என்பதன் முதலெழுத்து இரண்டாங் ககரம். ர என்பதற்கும் எண் 2. எனவே அதன் எண் 22. தமிழ் எழுத்தைப் பார்த்து அதனை முதற் ககரமாகக் கொண்டவர்க்கு 12 வந்து, திருப்ப 21 கிடைக்கும். அதுவோ கீரவாணியின் எண். கரகரப்பிரியாவின் சதுச்சுருதி தைவதமும் கைசிகி நிஷாதமும் கீரவாணியின் சுத்த தைவதமும் காகலி நிஷாதமுமாக மாறிவிடும். ஆகவே தமிழ் மட்டும் அறிந்தவர்க்குக் கடபயாதி முறை எண்ணைத் தரும் திறவுகோலாகாது. எண்ணை முன்பே அறிந்தவர்க்கு நினைவுக்குத் துணையாக மட்டுமே உதவும்.

5. அட்டவணை நிற்கும் இடம்

இனி, மேளகர்த்தா முறையால் விடை கூறவியலாத இரு வினாக்களை நோக்கலாம். முதலாவது மோகனம் பற்றியது. மோகனத்தில் ஷட்ஜம், சதுச்சுருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுச்சுருதி தைவதம் என ஐந்து சுரங்களே உள்ளன. மத்திமமும் நிஷாதமும் இல்லை. அதன் தாய் யார் என்று சுரங்களைக் கொண்டு காண முயன்றால், ரிஷப காந்தார இணை ரி-கு என்பது உறுதியாகின்றது. மத்திமம் இன்மையால் இரண்டு மத்திமங்களும் இயலும். தைவதம் தி ஆதலின் நிஷாதம் நி அல்லது நு ஆகலாம். எனவே அரிகாம்போதி (28), சங்கராபரணம் (29), வாசஸ்பதி (64), கல்யாணி (65) என்னும் நான்கும் தாயாதற்கு ஒத்த உரிமை உடையவை. இவற்றுள் 28ஐயே பெரும்பாலோர் கூறுவர். அத்தெரிவுக்கு ஆதாரம் மோகனத்தின் சுர வரிசையில் இல்லை. இசைவாணரின் செவி வழக்கிலும் மரபிலும் உள்ளது. அட்டவணை இங்கு நான்கு இருக்கைகளைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றது. மேலும், சிலப்பதிகாரத்தில் குறிக்கப்படும் முல்லைத் தீம்பாணி மோகனமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அது கொள்ளத்தக்கதாயின், இவ்விராகம் மேள அட்டவணைக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அட்டவணை மொழியில் மகளாகிய ஒன்று, தாய்களின் பட்டியலுக்கே முற்பட்டதாகின்றது.

இரண்டாவது வினா பழந்தமிழிசையின் ஏழு பாலைகள் பற்றியது. அங்கு வரிசைகள் பெருக்கலால் உண்டாவதில்லை. ஒரு பாலையின் சுரங்களை மாற்றாது, குரல் என்னும் தொடக்கச் சுரத்தை மட்டும் அடுத்தடுத்த சுரங்களுக்கு மாற்றுவதால் ஏனைய பாலைகள் பிறக்கின்றன. செம்பாலை அரிகாம்போதியே எனக் கொள்வது இன்று பெருவழக்கு. அதிலிருந்து தொடங்கினால், ரிஷபத்தைத் தொடக்கமாக்கும்போது படுமலைப்பாலையாகிய நடபைரவியும், மத்திமத்தைத் தொடக்கமாக்கும்போது அரும்பாலையாகிய சங்கராபரணமும், பஞ்சமத்தால் கோடிப்பாலையாகிய கரகரப்பிரியாவும், தைவதத்தால் விளரிப்பாலையாகிய தோடியும், நிஷாதத்தால் மேற்செம்பாலையாகிய கல்யாணியும் கிடைக்கின்றன. இவ்வாறும் ஒரே கட்டைகளால் ஆனவை. ஒன்றையொன்று ஈன்றவை எனத்தக்கவை. ஆயின் மேள அட்டவணையில் இவை 28, 20, 29, 22, 8, 65 என்னும் எண்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றிடையேயுள்ள உறவை அவ்வெண்களிலிருந்து எவரும் அறியவியலாது.

எஞ்சியது செவ்வழிப்பாலை. அரிகாம்போதியின் காந்தாரத்தைத் தொடக்கமாக்கினால் வருவது சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பிரதி மத்திமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் என்னும் வரிசை. இதில் மத்திமம் இரண்டு, பஞ்சமம் இல்லை. பஞ்சமம் மாறாது நிற்றல் வேண்டும் என்பதும், ஒவ்வொரு சுரமும் ஒருமுறையே வருதல் வேண்டும் என்பதும் மேளகர்த்தாவின் நிபந்தனைகள். எனவே ஏழு பாலைகளுள் ஆறுக்கு இருக்கை தந்த அந்த 72, ஏழாவதுக்கு இடந்தரவில்லை. 40 விவாதி மேளங்களுக்கு இடமளித்த அட்டவணையில், செவிக்கு இயல்பான பண்ணுப் பெயர்த்தலால் வரும் ஒரு பாலைக்கு இடமின்றிப் போயிற்று. எல்லாச் சுர வரிசைகளையும் உள்ளடக்கியது என்னும் கூற்று, அதன் நிபந்தனைகளுக்குள் மட்டுமே உண்மை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1947இல் யாழ் நூலை வெளியிட்ட சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழிசையை மேள அட்டவணையிலிருந்து தொடங்காது, பாலைகளிலிருந்தும் யாழ் நரம்புகளிலிருந்தும் தொடங்கி ஆராய்ந்தமையின் பொருத்தமும் இதனால் விளங்கும்.

இவ்விரு வினாக்களோடு பைரவியையும் சேர்த்து எண்ணலாம். பைரவி 20ஆம் மேளத்தில் வைக்கப்படுகின்றது. அம்மேளத்துக்குரியது சுத்த தைவதம். ஆயின் பைரவி ஏறும்போது சதுச்சுருதி தைவதத்தையும் கொள்கின்றது. அதனை அன்னிய சுரம் என்று பெயரிட்டு அட்டவணை அமைதி காண்கின்றது. பைரவியைப் பாடுவோர்க்கோ அச்சுரம் அன்னியமன்று. அதனை நீக்கினால் பைரவியே இல்லை.

6. முடிவுரை

மேளகர்த்தா முறையின் சாதனை, நான்கு இடங்களில் இரண்டைத் தெரியும் ஓர் எளிய விதியை இருமுறை பயன்படுத்தி, மத்திமத்தால் இரட்டித்து, எந்த ஏழு சுர வரிசைக்கும் தவறாத ஓர் எண்ணை வழங்கியமையாகும். சுரங்களின் பட்டியலாக நோக்கின் அதில் குறைகாண்பது அரிது. குறை தோன்றுவது அப்பட்டியலை வமிசாவளியாக வாசிக்கும்போதே. 72இல் 32 மட்டுமே ஒரு கட்டைக்கு ஒரு பெயர் என்னும் வழக்கிலும் நிற்பவை. 40 ஒருசில இராகங்களின் தேவைக்காக ஏற்ற பெயர் வழக்கைப் பொதுவிதியாக்கியதன் விளைவு. மோகனத்துக்கு நான்கு தாய்களையும், செவ்வழிப்பாலைக்கு ஒரு தாயையும் இன்றி நிற்கும் அட்டவணை, பிறப்பைப் பற்றிப் பேசும் தகுதியுடையதாகாது.

எனவே இன்ன இராகம் இன்ன மேளத்தில் ஜன்னியம் என்று இசைப் பாடநூல் கூறுமிடத்து, அது பிறப்பைக் கூறும் வரலாற்றுச் செய்தியன்று, இருக்கையைக் கூறும் குறிப்பே எனக் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு கொள்ளுமிடத்து, பண்களின் வரலாற்றை மேளங்களிலிருந்து பின்னோக்கிக் கட்டியெழுப்பும் வழக்கம் நீங்கி, பண்களிலிருந்தே தொடங்கும் ஆய்வுக்கு வழி பிறக்கும்.